நேர்காணல் முடிந்தபின் எச்.ஆருக்கு எழுதுவது எப்படி?

சரவணம்பட்டி ஐ.டி. நிறுவனமோ, குறிச்சி சிட்கோவில் உள்ள பம்ப் தொழிற்சாலையோ, நேர்காணல் முடிந்ததும் காதில் விழுவது "சொல்லி அனுப்பறோங்க" என்பதுதான். அதன்பின் ஒரு வாரம் பேச்சே இருக்காது. அப்போது நாம் அனுப்பும் செய்தி சில நேரம் நச்சரிப்பாகப் படுவது ஏன்? படிக்கும் எச்.ஆருக்கு அது வேலை வைக்கிறது. பெரும்பாலும் முடிவு அவர் கையில் இல்லை. துறை மேலாளரிடம் கேட்டு, சம்பளத்துக்கு ஒப்புதல் வாங்கிய பிறகே அவரால் பேச முடியும். ஆகவே ஒரு சொல்லும் மாற்றாமல் மேலாளருக்கு அவர் அனுப்பிவிடக்கூடிய செய்தியை எழுதுவதே நம் வேலை.

முதல் படி, நேர்காணல் அறையிலேயே இருக்கிறது. கிளம்பும் முன், "முடிவு எப்போது தெரியும், யாரிடம் கேட்கலாம்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே இரண்டு வரியில் நன்றி அனுப்பினால் போதும். அவர்கள் சொன்ன தேதி தாண்டி இரண்டு வேலை நாள் கழித்து அடுத்த செய்தி போகலாம். தேதியே சொல்லவில்லை என்றால் ஒரு வாரம் பொறுங்கள். தேதி கையில் இருந்தால், அவர்கள் சொன்னதையே நினைவூட்டுகிறோம், கெஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது படி, எழுதி வைத்ததைத் திருத்துவது. பம்ப் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஜினியர் வேலைக்குப் போனவரின் முதல் வரைவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"மேடம், போன வாரம் இன்டர்வியூ வந்தேன். ரிசல்ட் என்ன ஆச்சுங்க? இந்த வேலை எனக்கு ரொம்ப முக்கியம். வேறு ஆஃபரும் இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க, ப்ளீஸ்."

எந்த வேலை, எந்த நாள் என்பது இதில் இல்லை, எச்.ஆர். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'ரொம்ப முக்கியம்' என்பது நம் கவலை. அவருக்கு அதனால் பயனில்லை. பெயரும் தேதியும் இல்லாத 'வேறு ஆஃபர்' மிரட்டலாகத் தொனிக்கிறது. உண்மையிலேயே ஆஃபர் இருந்தால், "25-ஆம் தேதிக்குள் அங்கே பதில் சொல்ல வேண்டும்" என்று நாளைச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். திருத்தியபின்:

"வணக்கம் மேடம். ஜூன் 12 அன்று குறிச்சி யூனிட்டில் குவாலிட்டி இன்ஜினியர் பணிக்கு நேர்காணலுக்கு வந்திருந்தேன். இம்பெல்லர் வார்ப்படத்தில் வரும் புளோஹோல் பற்றி மேலாளர் கேட்டார். லாட் வாரியாகக் குறையைக் குறித்துவைக்க நான் தயாரித்த வெற்றுப் படிவத்தை இணைத்துள்ளேன். 20-ஆம் தேதிக்குள் முடிவு தெரியும் என்றீர்கள். அது தள்ளிப்போயிருந்தால் புதிய தேதியைச் சொல்ல முடியுமா? என் நோட்டீஸ் காலம் 30 நாள்."

எந்த நாள், எந்த வேலை, என்ன தெரியும், எப்போது சேர முடியும் என நான்கும் இதில் வந்துவிட்டன. கேள்வி ஒன்றே ஒன்று, அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இப்போது வேலை பார்க்கும் கம்பெனியின் அளவுகளையோ ஆவணங்களையோ இணைக்காதீர்கள். அங்கிருந்து எடுத்துத் தருபவர் நாளை இங்கிருந்தும் எடுப்பார் என்றுதான் மேலாளர் நினைப்பார். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் இதே வரிசைதான். 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' மட்டும் வேண்டாம். என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்வதே இல்லை.

"எடுக்கிறதாக இருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள், நாம் கேட்டால் மதிப்புக் குறையும்" என்பார்கள் சிலர். மௌனத்துக்கு மறுப்பு மட்டுமே காரணமில்லை. முதலில் தேர்வானவர் நோட்டீஸ் காலம் முடித்து வருவாரா என்று காத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. அவர் வராமல் போனால் அடுத்த பெயரைத் தேடுவார்கள். அப்போது சேரும் தேதியோடு இருக்கும் செய்தி கைகொடுக்கும். "நம்ம மாமாவை விட்டு முதலாளிக்கு ஒரு போன் போடச் சொன்னால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. நேர்காணல் வரை கொண்டுபோகச் சிபாரிசு உதவலாம். அதன்பின் அது எச்.ஆரின் தலைக்கு மேலே போவதாகும். நாளை உங்கள் ஆஃபர் கடிதத்தைத் தயாரிப்பவரும் அவர்தான். கன்சல்டன்சி வழியாகப் போயிருந்தால் அவர்களிடமே கேளுங்கள். கம்பெனியை நேரடியாகப் பிடித்தால் இரு பக்கமும் சங்கடம். முதலாளியே நேரில் பேசி எடுக்கும் சிறு யூனிட்டில் போன் செய்யலாம், முதலில் "எப்போது பேசலாங்க?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு.

கடைசிப் படி, எங்கே நிறுத்துவது என்பது. பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து, முந்தைய செய்தியின் கீழேயே, "இந்தப் பணி இன்னும் திறந்திருக்கிறதா?" என்று ஒரு வரி. அதற்கும் பதில் இல்லையா, அந்தக் கம்பெனிக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு அடுத்த விண்ணப்பத்தைப் பாருங்கள். மூன்றாவது நினைவூட்டலில் சொல்லப் புதிதாக எதுவும் இருக்காது. நச்சரிப்பு அங்கேதான் தொடங்குகிறது.