முகவரி ஒன்றுதான், சாவி யாரிடம்?



தவறான நெட்வொர்க்கில் அனுப்பிய டோக்கன் இரண்டு நெட்வொர்க்குகளுக்கும் நடுவே எங்கோ தொங்குகிறது என்று பலரும் சொல்கிறார்கள். அப்படி ஒரு நடுவெளி கிடையாது. அனுப்பியவர் தேர்ந்தெடுத்த நெட்வொர்க்கில், அவர் கொடுத்த முகவரிக்கே அது போய்ச் சேர்ந்திருக்கும். பெறுபவர் வேறொரு நெட்வொர்க்கில் தேடிக்கொண்டிருப்பார்.

இதற்குக் காரணம் முகவரியின் அமைப்பு. எத்தீரியத்திலும் பிஎன்பி ஸ்மார்ட் செயினிலும் முகவரி ஒரே கணக்கின்படி உருவாகிறது. 0x என்று தொடங்கி 40 குறிகள் வரும். பார்வைக்கு வேறுபாடே இல்லை. டிரான் முகவரி T என்ற எழுத்தில் தொடங்குவதால் அங்கே இந்தத் தவறு எளிதில் நேராது.

ஒருவர் 200 USDT அனுப்புகிறார். கட்டணம் குறைவு என்று BEP20 நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுக்கிறார். பெறுபவர் எத்தீரியத்தில் எதிர்பார்க்கிறார். பரிவர்த்தனை எண்ணை எத்தீரியப் பதிவேட்டில் தேடினால் எதுவும் வராது. BscScan தளத்தில் தேடினால் வெற்றி என்றே காட்டும். அந்த முகவரி பெறுபவரின் சொந்த வாலட் என்றால் கவலையில்லை. அதே தனிச்சாவி அங்கும் செல்லும். வாலட்டில் அந்த நெட்வொர்க்கைச் சேர்த்து, கட்டணத்துக்குச் சிறிது BNB வைத்துக்கொண்டால் பணத்தை நகர்த்தலாம். எக்ஸ்சேஞ்ச் கொடுத்த முகவரி என்றால் சாவி எக்ஸ்சேஞ்சிடம் இருக்கிறது. அது மனம் வைத்தால்தான் மீளும்.

முகவரிக்குத் தனிச்சாவியே இல்லாத மூன்றாவது நிலையும் உண்டு. பலர் கையொப்பமிட்டு இயக்கும் கூட்டு வாலட் அப்படிப்பட்டது. அது ஒரு நிரல். எந்த நெட்வொர்க்கில் நிறுவப்பட்டதோ அங்கே மட்டுமே உயிரோடிருக்கும். 2022இல் ஆப்டிமிசம் அமைப்பு, வின்டர்மியூட் நிறுவனத்துக்கு 2 கோடி OP டோக்கன்களை அனுப்பியது. நிறுவனம் கொடுத்ததோ எத்தீரியத்தில் மட்டும் நிறுவியிருந்த கூட்டு வாலட்டின் முகவரி. டோக்கன்கள் போய்ச் சேர்ந்த ஆப்டிமிசம் நெட்வொர்க்கில் அந்த இடம் காலியாக இருந்தது. நிறுவனம் சரிசெய்வதற்குள் வேறொருவர் முந்திக்கொண்டார். எத்தீரியத்தில் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த பழைய நிறுவல் பரிவர்த்தனையை ஆப்டிமிசத்தில் அப்படியே மறுபடி ஓடவிட்டு, அதே முகவரியில் தன் ஆணைக்குக் கட்டுப்படும் வாலட்டை எழுப்பினார். பின்னர் 1.7 கோடி டோக்கன்களைத் திருப்பிக் கொடுத்தார்.

இந்த நிகழ்வில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது வேறு. முழுத் தொகைக்கு முன் இரண்டு சோதனைப் பரிவர்த்தனைகள் அனுப்பப்பட்டன. இரண்டும் வந்து சேர்ந்ததாக நிறுவனம் உறுதியும் செய்தது. முதலில் சிறு தொகை அனுப்பிப் பார்த்தால் போதும் என்ற அறிவுரை இங்கேதான் பொய்க்கிறது. எந்த முகவரிக்கும் பணம் வந்து சேரும், அதற்குச் சாவி தேவையில்லை. அங்கிருந்து வெளியே எடுக்கத்தான் சாவி வேண்டும். ஆகவே, வந்த சிறு தொகையைப் பெறுபவர் அதே நெட்வொர்க்கில் திருப்பி அனுப்பிக் காட்டிய பிறகே சோதனை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.