விலையை ஏற்றினால் எத்தனை பிளேட் வரை குறையலாம்?

நமது டிரஸ்டில் வட்டியில்லாக் கடன் பெற்றுப் பிரியாணிக் கடை நடத்தும் சகோதரி ஒருவர் தவணை கட்ட வந்தபோது, "அண்ணே, கோழி விலை ஏறிப்போச்சு. 120 ரூபாய் பிளேட்டை 130 ஆக்கலாமான்னு பாக்கிறேன். ஆள் வராம போயிட்டா தவணை நின்னுடுமேன்னு பயமா இருக்கு" என்றார். இந்தப் பயம் நம் கடைக்காரர்கள் பலருக்கும் இருப்பதால், அன்று இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கை எழுதுகிறேன்.

அவர் ஒரு நாளைக்கு விற்பது 80 பிளேட். அரிசி, கோழி, எண்ணெய், மசாலா, கேஸ், பார்சல் கவர் எல்லாம் சேர்த்து ஒரு பிளேட்டுக்கு 90 ரூபாய் ஆகிறது. 120க்கு விற்றால் 30 ரூபாய் நிற்கும். 80 பிளேட்டுக்கு 2,400 ரூபாய். விலை 130 ஆனால் பிளேட்டுக்கு 40 நிற்கும். அதே 2,400 ரூபாயை எடுக்க 60 பிளேட் போதும். அதாவது 20 பிளேட், நூற்றுக்கு 25, குறைந்தாலும் அவர் இன்றைய நிலையிலேயே இருப்பார்.

இதை மனக்கணக்காகவே போடலாம். ஏற்றும் தொகையைப் புதிய லாபத்தால் வகுக்க வேண்டும். 10ஐ 40ஆல் வகுத்தால் கால் பங்கு. பிளேட்டுக்கு நிற்பது குறைவாக இருக்கும் கடையில்தான் இந்தப் பங்கு பெரிதாக வரும். பிளேட்டுக்கு 60 ரூபாய் நிற்கும் கடை அதே 10 ரூபாயை ஏற்றினால், ஏழில் ஒரு பங்குக்கு மேல் விற்பனை குறையக் கூடாது.

ஆனால் 60 என்பது நட்டமில்லாத எல்லை மட்டும்தான். தாக்குப்பிடிக்கும் எல்லை வேறு. நாள் கணக்கில் கடை வாடகை 300, உதவியாளர் சம்பளம் 600, நமது தவணை 200, வீட்டுச் செலவு 900, ஆக 2,000 ரூபாய். இதை 40ஆல் வகுத்தால் 50 பிளேட். இப்போது மிஞ்சும் 400 ரூபாய் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போகிறது. 60க்குக் கீழே போனால் அது தேயும்; 50க்குக் கீழே போனால் தவணையோ அடுப்போ நிற்கும்.

சரி, உண்மையில் எத்தனை பேர் விலகுவார்கள்? விலை நூற்றுக்கு ஒன்று ஏறினால் விற்பனை நூற்றுக்கு எத்தனை குறைகிறது என்பதைத்தான் பொருளாதாரப் பாடத்தில் விலை நெகிழ்ச்சி என்பார்கள். இங்கே ஏற்றம் நூற்றுக்கு சுமார் 8. விற்பனை அதைப் போல இரு மடங்கு குறைந்தால் 67 பிளேட் ஓடும், லாபம் கூடும். நான்கு மடங்கு குறைந்தால் 53தான்; வருமானம் குறையும், கடை நிற்காது. எதிர்க்கடை 120லேயே இருந்தால் நெகிழ்ச்சி அதிகமாக இருக்கும். எல்லோரும் ஏற்றிவிட்டால் குறையும். அவர் தெருவில் ஒரு கடை ஏற்கெனவே 130, இன்னொன்று 120. இரண்டு மடங்குக்கும் மூன்று மடங்குக்கும் நடுவில் இருக்கும் என்று அவரே மதிப்பிட்டார். என்னைவிட அவருக்குத்தான் அவருடைய வாடிக்கையாளரைத் தெரியும்.

அவர் யோசிக்காத ஒன்று தேக்சா. மேலே சொன்ன கணக்கெல்லாம் விற்கும் அளவுக்கே சமைத்தால்தான் சரி. பழக்கத்தில் 80 பிளேட் சமைத்து 60 விற்றால், கையில் வருவது 7,800, செலவு 7,200. 2,400 நிற்க வேண்டிய இடத்தில் 600தான் நிற்கும். விலையேற்றம் தோற்றது என்று நினைத்து மறுவாரமே பழைய விலைக்குத் திரும்புகிறவர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். எனவே முதல் வாரம் 65க்கு மேல் சமைக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

கல்லாவைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. 80 பிளேட் 120க்கு ஓடினால் கல்லாவில் 9,600. 65 பிளேட் 130க்கு ஓடினால் 8,450. பணம் குறைந்தது போலத் தோன்றும். ஆனால் கையில் நிற்பது 2,400லிருந்து 2,600 ஆகியிருக்கும். ஆகவே எண்ண வேண்டியது பிளேட்டை. வெள்ளிக்கிழமையை வெள்ளிக்கிழமையோடுதான் ஒப்பிட வேண்டும். ஜும்ஆ நாள் விற்பனையைச் செவ்வாயோடு ஒப்பிட்டால் எதுவும் புரியாது. நோன்பு மாதத்தில் விலையை மாற்றினால் எது விலையால், எது நோன்பால் என்று பிரிக்கவே முடியாது. தினம் வருகிறவர் ஒரே நாளில் நிற்க மாட்டார். வாரம் ஐந்து நாள் மூன்று நாளாகும். அதனால் நான்கு வாரமாவது பார்க்க வேண்டும்.

அவர் விலையை ஏற்றி மூன்று வாரமாகிறது. சராசரி 66 பிளேட். மூன்றாவது வாரம் மட்டும் பார்த்தால் 64. நான்காவது வாரமும் 62க்குக் கீழே இறங்கினால், 130ஐ மாற்றாமல் 75 ரூபாய்க்கு அரை பிளேட் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அரை பிளேட்டுக்கு அவருக்கு ஆகும் செலவு 47 ரூபாய், நிற்பது 28.