கடைக்கால் மண்: தோண்டுவதும் வெளியேற்றுவதும்

நுழையும்முன்

வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் முனையத்துக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட தெருக்கள் குறுகலானவை. வீட்டுமனைகளும் சிறியவை. அங்கே ஒருவர் வீடு கட்டத் தொடங்கினால், தோண்டிய மண்ணைக் குவித்துவைக்க இடம் இராது. தெருவில் கொட்டினால் போக்குவரத்து தடைபடும். மழை பெய்தால் அம்மண் வடிகாலில் இறங்கி அடைத்துக்கொள்ளும். எனவே எவ்வளவு மண் வெளிவரும், அதில் எவ்வளவு மனையிலேயே திரும்பப் பயன்படும், எத்தனை லாரி மண் வெளியே போகும் என்பவற்றை முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்பே கணக்கிட்டாக வேண்டும். இம்மூன்றும் வெவ்வேறு அளவுகள். அவற்றை ஒன்றெனக் கருதுவதே இக்கணக்கில் நேரும் பெரும்பிழை.

1. கடைக்காலின் கனஅளவு

சுவரின் முழு நீளத்துக்கும் அதன் அடியில் தொடர்ச்சியாக அமைக்கப்படும் அடித்தளம் பட்டை அடித்தளம் எனப்படும். அதற்காகத் தோண்டப்படும் நீண்ட பள்ளமே கடைக்கால். தென்மாவட்டங்களில் இதனை வானம் தோண்டுதல் என்றும் கூறுவர். நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் கனஅளவு கிடைக்கும். அகலமும் ஆழமும் வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். நீளத்தைக் காண்பதில்தான் கவனம் வேண்டும்.

கொருக்குப்பேட்டை மனை ஒன்றில் கட்டத்தக்க இரண்டு அறை வீட்டை எடுத்துக்கொள்வோம். அறைகள் பக்கத்துப் பக்கமாக அமைந்துள்ளன. நடுவில் ஒரு தடுப்புச்சுவர் உள்ளது. சுவர் மையத்திலிருந்து சுவர் மையம் வரை ஒவ்வோர் அறையும் 3.30 மீ அகலமும் 4.20 மீ நீளமும் உடையது. கடைக்காலின் அகலம் 0.90 மீ, ஆழம் 1.00 மீ.

முன்சுவர், பின்சுவர் ஆகியவற்றின் மையக்கோட்டு நீளம்: 2 × 6.60 = 13.20 மீ
குறுக்குச் சுவர்கள் மூன்றின் மையக்கோட்டு நீளம்: 3 × 4.20 = 12.60 மீ
மொத்தம்: 25.80 மீ

தடுப்புச்சுவர் முன்சுவரையும் பின்சுவரையும் ‘டி’ வடிவில் சந்திக்கிறது. அவ்விடங்களில் தடுப்புச்சுவரின் மையக்கோடு, நெடுஞ்சுவர்க் கடைக்காலின் பாதி அகலம் வரை உள்ளே நீண்டிருக்கிறது. அப்பகுதி மண் நெடுஞ்சுவரின் கணக்கில் முன்பே சேர்ந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு ‘டி’ சந்திப்புக்கும் பாதி அகலமான 0.45 மீட்டரைக் கழிக்க வேண்டும். நான்கு மூலைகளில் கழிவு தேவையில்லை. அங்கே இருமுறை எண்ணப்படும் உள்மூலையும் விடுபடும் வெளிமூலையும் சமமாகிவிடுகின்றன.

நிகர நீளம்: 25.80 − (2 × 0.45) = 24.90 மீ
கடைக்காலின் கனஅளவு: 24.90 × 0.90 × 1.00 = 22.41 கன மீ

விடையை வேறு வழியில் சரிபார்க்கலாம். நெடுஞ்சுவர்க் கடைக்காலை முழு வெளிநீளத்துக்கும் எடுத்தால் 6.60 + 0.90 = 7.50 மீ, இரண்டுக்கு 15.00 மீ. அவற்றுக்கு இடையில் எஞ்சும் குறுஞ்சுவர்க் கடைக்கால் 4.20 − 0.90 = 3.30 மீ, மூன்றுக்கு 9.90 மீ. கூட்டினால் மீண்டும் 24.90 மீ கிடைக்கிறது. இரு வழிகளும் ஒரே விடையைத் தராவிட்டால் சந்திப்பு ஒன்று விடுபட்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

2. புதையும் கட்டுமானமும் மிஞ்சும் மண்ணும்

தோண்டிய மண் முழுவதும் வெளியே போவதில்லை. கடைக்காலுக்குள் கற்காரையும் செங்கற்கட்டும் அமைந்தபின், இருபுறமும் எஞ்சும் இடைவெளியை அம்மண்ணைக் கொண்டே நிரப்பி, நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இறுக்குவர். மண் பழைய இறுக்கத்தை அடைந்துவிட்டால் ஓர் எளிய உண்மை புலப்படும்: மிஞ்சும் மண்ணின் அளவு, தரைமட்டத்துக்குக் கீழே புதையும் கட்டுமானத்தின் அளவுக்குச் சமம்.

நம் வீட்டில் அடிக்கற்காரையின் அகலம் 0.90 மீ, உயரம் 0.15 மீ. அதன்மேல் முதற்படி செங்கற்கட்டு 0.60 மீ அகலமும் 0.40 மீ உயரமும் கொண்டது. இரண்டாம் படி 0.45 மீ அகலத்துடன் 0.45 மீ உயர்ந்து தரைமட்டத்தைத் தொடுகிறது. அகலம் மாறும்போது சந்திப்புக் கழிவும் மாறும் என்பதை மறக்கலாகாது. இங்கே இரண்டு சந்திப்புகள் இருப்பதால், ஒவ்வோர் அடுக்குக்கும் அதன் அகலத்தையே 25.80 மீட்டரிலிருந்து கழித்தால் போதும்.

அடிக்கற்காரை: 24.90 × 0.90 × 0.15 = 3.36 கன மீ
முதற்படி: 25.20 × 0.60 × 0.40 = 6.05 கன மீ
இரண்டாம் படி: 25.35 × 0.45 × 0.45 = 5.13 கன மீ
புதையும் கட்டுமானம்: 14.54 கன மீ

எனவே மீள்நிரப்பலுக்கு 22.41 − 14.54 = 7.87 கன மீட்டர் மண் திரும்பும், 14.54 கன மீட்டர் மிஞ்சும்.

மிஞ்சிய மண்ணுக்கும் மனைக்குள்ளேயே ஒரு பயன் உண்டு. அறைத்தரையை உயர்த்தும் அடிபீடத்தை, அதாவது பேஸ்மட்டத்தை, அதனைக் கொண்டு நிரப்பலாம். அடிபீடச் சுவர் 0.30 மீ தடிமன் எனில், ஓர் அறையின் உட்பரப்பு 3.00 × 3.90 = 11.70 சதுர மீ, இரண்டுக்கும் 23.40 சதுர மீ. 0.45 மீ உயரத்துக்கு இறுக்கி நிரப்ப 10.53 கன மீட்டர் வேண்டும். அவ்வாறு செய்தால் வெளியேறுவது 14.54 − 10.53 = 4.01 கன மீட்டர் மட்டுமே.

3. மண்ணின் தரமே முடிவுசெய்கிறது

மேற்கண்ட விடை, மண் நிரப்புவதற்கு ஏற்றதாக இருந்தால் மட்டுமே பொருந்தும். கால்வாயை ஒட்டிய தாழ்நிலங்களில் பல இடங்கள் காலப்போக்கில் மேடாக்கப்பட்டவை. அத்தகைய மனையில் தோண்டும்போது உடைந்த செங்கல், குப்பை, சாம்பல், கரிய களிமண் ஆகியவை கலந்து வரக்கூடும். குப்பை மக்கும்போது அதன்மேல் அமைந்த தரை அமிழும். களிமண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்குவதால் தரையில் வெடிப்புகள் தோன்றும். இத்தகைய மண்ணை அடிபீடத்துக்குள் இடலாகாது.

களிமண்ணைக் கையாலேயே அறியலாம். ஈரமண்ணை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டும்போது அது உடையாமல் மெல்லிய திரியாக நீண்டால் அதில் களி மிகுதி. துர்நாற்றம், கருமை, மக்காத துணியும் நெகிழியும் ஆகியவை குப்பை நிரப்பலின் அடையாளங்கள். ஆழத்துக்கு ஆழம் மண் மாறுவதால், மேல்மண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் ஒவ்வொரு 0.30 மீட்டருக்கும் சோதிக்க வேண்டும். குறித்த ஆழத்திலும் நிரப்பு மண்ணே தென்பட்டால், அங்கே அடித்தளம் அமைக்கலாகாது. கெட்டியான இயற்கை மண்ணை எட்டும்வரை தோண்டுவதா, அடித்தள வகையையே மாற்றுவதா என்பதைப் பொறியாளர் முடிவு செய்வார். அப்போது கணக்கு முழுவதும் புதிதாகத் தொடங்கும்.

4. லாரியில் ஏறும்போது

நிலத்தில் இறுகிக் கிடந்த மண், வெட்டியதும் தளர்ந்து கட்டிகளுக்கிடையே காற்று புகுவதால் கூடுதல் இடத்தை அடைக்கிறது. இதுவே மண்ணின் உப்பல். மணலுக்கு இது ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு. சாதாரண மண்ணுக்கு 20 முதல் 30. களிமண்ணுக்கு 40 விழுக்காட்டையும் எட்டலாம்.

சென்னைப் பகுதியில் லாரி மண்ணை ‘யூனிட்’ கணக்கில் பேசுவர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். நம் கடைக்கால் மண் முழுவதையும் வெளியேற்ற நேர்ந்தால், உரிமையாளர் 22.41-ஐ 2.83-ஆல் வகுத்து ஏறத்தாழ 8 யூனிட் என்பார். லாரியை நிரப்பிய மேஸ்திரியோ 10 யூனிட் ஏற்றினேன் என்பார். இருவர் சொல்வதும் உண்மையே. 25 விழுக்காடு உப்பலைச் சேர்த்தால் 22.41 × 1.25 = 28.01 கன மீ, அது 9.9 யூனிட். தோண்டும் கூலிக்கு நில அளவு, ஏற்றிச் செல்லும் வாடகைக்குத் தளர்ந்த அளவு என முன்கூட்டியே எழுதிக்கொண்டால் பூசல் எழாது.

உப்பலை மனையிலேயே அறிய எளிய சோதனை உண்டு. நீளம், அகலம், ஆழம் மூன்றும் 0.30 மீ உள்ள குழியைச் செம்மையாக வெட்ட வேண்டும். அதன் கொள்ளளவு 27 லிட்டர். வெட்டிய மண்ணை அழுத்தாமல் அளவு தெரிந்த வாளியில் அளந்து, 34 லிட்டர் வந்தால், 34 ÷ 27 = 1.26, உப்பல் 26 விழுக்காடு.

இனி, இரண்டு யூனிட் கொள்ளும் டிப்பர் லாரிக்கு நம் வீட்டின் மூன்று நிலைகளையும் ஒப்பிடுவோம்.

மண் முழுவதும் ஏற்றது எனில்: 4.01 × 1.25 = 5.01 கன மீ, ஒரு நடை.
பக்க நிரப்பலுக்கு மட்டும் ஏற்றது எனில்: 14.54 × 1.25 = 18.18 கன மீ; நான்கு நடை.
எதற்கும் ஏற்றதன்று எனில்: 28.01 கன மீ, ஐந்து நடை.

இறுதி நிலையில் செலவு ஐந்து நடையோடு முடிவதில்லை. பக்கங்களுக்கும் அடிபீடத்துக்குமாக 18.40 கன மீட்டர் இறுகிய நிரப்பலுக்கு வேண்டிய மணலையோ கிராவலையோ விலைக்கு வாங்க வேண்டும்.

5. களத்தில் நேரும் வேறுபாடுகள்

தளர்ந்த மணலிலும் நிலத்தடி நீர் ஊறும் இடத்திலும் கடைக்காலின் பக்கங்கள் சரியும். இருபுறமும் 0.10 மீ சரிந்தால் அகலம் 1.10 மீட்டராகிறது. அப்போது கனஅளவு 24.70 × 1.10 × 1.00 = 27.17 கன மீ. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மண் கூடிவிட்டது. பொதுவாக வரைபட அகலத்துக்கே கூலி அளக்கப்படுவதால், இக்கூடுதல் மண்ணின் சுமை தோண்டுபவர்மேல் விழும். ஆகவே சரியும் மண்ணுக்குப் பலகை முட்டுக் கொடுப்பதா, அகலத்தை மிகுத்து அளப்பதா என்பதை ஒப்பந்தத்திலேயே குறிப்பிட வேண்டும்.

தோண்டிய மண்ணைக் கடைக்காலின் விளிம்பிலேயே குவிப்பது ஆபத்தானது. அதன் பாரத்தால் பக்கச்சுவர் இடிந்து உள்ளே இருப்பவரைப் புதைக்கலாம். அகழ்வுப் பணிப் பாதுகாப்புக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 3764, குவியலை விளிம்பிலிருந்து விலக்கியே வைக்குமாறு கூறுகிறது. நம் வீட்டில் கடைக்கால்களுக்கு இடையே எஞ்சும் தரை அறைக்கு 2.40 × 3.30 மீ மட்டுமே. அங்கு மண்ணைப் பாதுகாப்பாகக் குவிக்க இயலாது. அருகில் வேறு இடம் கிடைக்காவிடில், நல்ல மண்ணும் லாரியேறிப் போய் மீண்டும் விலைக்கு வரும். குறுகிய தெருவில் கடைக்காலை ஒவ்வொரு சுவராகத் தோண்டி, கட்டி, நிரப்பிச் செல்வது இதனைக் குறைக்கும்.

கடைக்காலில் கற்காரை விழுந்துவிட்டால் அதன் முழு ஆழத்தையும் பின்னர் அளக்க இயலாது. ஆதலால் தோண்டி முடித்தவுடன், உரிமையாளரும் மேஸ்திரியும் உடனிருக்க, அகலத்தையும் ஆழத்தையும் பல இடங்களில் அளந்து, சராசரி கண்டு, அளவுப் புத்தகத்தில் பதிந்து இருவரும் கையொப்பமிட வேண்டும்.

மதிப்பீடு

1. ‘டி’ சந்திப்பில் பாதி அகலத்தைக் கழிப்பதும் மூலையில் கழிக்காததும் ஏன்? படம் வரைந்து விளக்குக.

2. மையக்கோட்டு அளவில் 4.00 மீ × 3.00 மீ உள்ள ஓரறைக் கட்டடத்தின் கடைக்கால் 0.80 மீ அகலமும் 0.90 மீ ஆழமும் உடையது. தரைமட்டத்துக்குக் கீழ்ப் புதையும் கட்டுமானம் 6.00 கன மீ. உப்பல் 30 விழுக்காடு எனில், மீள்நிரப்பலுக்குப்பின் வெளியேறும் மண் எத்தனை யூனிட்?

3. உங்கள் ஊரில் கடைக்கால் தோண்டும் இடம் ஒன்றைப் பார்வையிட்டு, 0.30 மீ குழிச் சோதனையால் உப்பலைக் கண்டறிந்து எழுதுக.