பெருக்குத் தொடர்: a எது, r எது?

முடிவிலாப் பெருக்குத் தொடரின் கூடுதல் a/(1 − r) என்பது தேர்வெழுதும் எவருக்கும் தெரியும். மதிப்பெண் போவது வாய்பாட்டில் இல்லை, a-க்கும் r-க்கும் எதைப் போடுவது என்பதில்தான் போகிறது. தொடர் n = 0-இலோ 1-இலோ தொடங்காமல் 2, 3 என்று தள்ளித் தொடங்கினால் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகும்.

செய்ய வேண்டியவை

தொடங்கும் n-ஐப் பிரதியிட்டு முதல் இரண்டு உறுப்புகளை எழுதுங்கள். Σ 3ⁿ⁺¹/4ⁿ என்ற தொடர் n = 2 முதல் முடிவிலி வரை போகிறது என்று வைத்துக்கொள்வோம். n = 2 எனில் 27/16, n = 3 எனில் 81/64. ஆகவே a = 27/16. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் r = 3/4. கூடுதல் (27/16) ÷ (1/4) = 27/4. இங்கே a என்பது கண்ணெதிரே நிற்கும் முதல் உறுப்பு. n எந்த எண்ணில் தொடங்கினாலும் இதில் மாற்றமில்லை.

இன்னொரு வழியில் சரிபாருங்கள். அதே தொடரை 3·(3/4)ⁿ என்று எழுதலாம். n = 0-இலிருந்து கூட்டினால் 3 ÷ (1/4) = 12. நமக்கு வேண்டாத முதல் இரண்டு உறுப்புகள் 3, 9/4. இரண்டையும் கழித்தால் 12 − 21/4 = 27/4. விடை ஒத்துப்போகிறது. 12 என்றே விடையெழுதிவிட்டு நகர்பவர்கள் உண்டு. அவர்கள் கூட்டியது வேறொரு தொடரை.

r-இன் மட்டு மதிப்பை முதலில் பாருங்கள். n உறுப்புகளின் கூடுதல் a(1 − rⁿ)/(1 − r). n பெருகப் பெருக rⁿ பூஜ்யத்தை நெருங்கினால்தான் இது a/(1 − r) ஆகச் சுருங்கும். அது நடப்பது |r| < 1 எனும்போது மட்டுமே. முடிவிலாக் கூடுதலுக்கான நிபந்தனை முழுவதும் அந்த rⁿ-க்குள் இருக்கிறது. வாய்பாட்டை இப்படி வருவித்துப் பார்த்தவர் நிபந்தனையைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சுழல் தசமங்களைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். 0.41666… என்பதில் 6 மூன்றாம் இடத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே a = 6/1000, r = 1/10, கூடுதல் 6/900. அதோடு 41/100-ஐச் சேர்த்தால் 375/900, அதாவது 5/12. முன்னால் நிற்கும் 41 தொடரில் சேராது என்பதைக் கவனிக்க இதைவிட எளிய கணக்கு கிடையாது.

செய்யக்கூடாதவை

நிபந்தனையைப் பார்க்காமல் வாய்பாட்டில் போடாதீர்கள். 1 + 2 + 4 + 8 + … என்பதற்கு a/(1 − r) தரும் விடை −1. மிகை எண்களை மட்டுமே கூட்டிக் குறை எண் வருகிறது என்றாலே எங்கோ பிசகு என்று தெரிந்துவிடும். ஆனால் 1 − 1 + 1 − 1 + … என்பதற்கு வாய்பாடு 1/2 என்கிறது. பார்க்க நியாயமான விடைபோல இருப்பதால் இதுதான் ஆபத்தானது. பகுதிக் கூடுதல்கள் 1, 0, 1, 0 என்று மாறிக்கொண்டே இருக்கின்றன. எந்த எண்ணையும் நெருங்கவில்லை. வழக்கமான பொருளில் அதற்குக் கூடுதல் இல்லை.

முடிவுள்ள தொடருக்கும் இதே நிபந்தனையைக் கேட்காதீர்கள். n = 3 முதல் 10 வரை 2ⁿ-ஐக் கூட்ட r = 2 தடையே இல்லை; r = 1 ஆகாதிருந்தால் போதும். உறுப்புகளை எண்ணும்போது மட்டும் கவனம்: 10 − 3 = 7 என்று நிறுத்திவிடாதீர்கள், ஒன்றைச் சேர்த்தால் 8. கூடுதல் 8 × (2⁸ − 1) = 2040.

அடுக்கில் 2n இருப்பதைக் கவனிக்காமல் r எழுதாதீர்கள். 2²ⁿ/3ⁿ என்பதில் r = 2/3 அல்ல, 4/3. தொடர் விரிகிறது.

கீழெல்லையை மட்டும் நகர்த்தாதீர்கள். n = 2 என்பதை k = 0 ஆக்க வேண்டுமானால் n = k + 2; உள்ளே இருக்கும் ஒவ்வொரு n-க்கும் இதையே போட வேண்டும். நமது தொடர் 3ᵏ⁺³/4ᵏ⁺² ஆகும். கீழே குறைத்தால் உள்ளே கூட்ட வேண்டும். இரண்டு இடத்திலும் குறைப்பவர்கள்தான் அதிகம். k = 0 போட்டால் 27/16 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சரி.

தொடக்க உறுப்பு ஒன்று விடுபட்டால் பெரிதாக என்ன ஆகிவிடும் என்று எண்ணாதீர்கள். பரவளைய வெட்டின் பரப்பைக் கண்டபோது ஆர்க்கிமிடீஸ் 1 + 1/4 + 1/16 + … என்ற வரிசையைக் கையாண்டு 4/3-ஐ அடைந்தார். முடிவிலியைத் தொடாமல், முடிவுள்ள கூடுதலோடு கடைசி உறுப்பின் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் சரியாக 4/3 வரும் என்று காட்டினார் என்பது அவர் சாமர்த்தியம். கேரளத்தின் நீலகண்ட சோமயாஜி ஆரியபடீயத்துக்கு எழுதிய உரையில் அதே தொடரை 1/4-இலிருந்து தொடங்கி, 1/3 என்கிறார். r இருவருக்கும் 1/4-தான். ஒரே ஓர் உறுப்பு தள்ளித் தொடங்கியதில் விடை நான்கில் ஒரு பங்காகிவிட்டது.