வங்காளிக் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி

வேலூரிலும் சென்னையிலும் பெரிய மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்க எழுத்துப் பலகைகள் சாதாரணம். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் குடும்பங்கள் அங்கே விடுதி எடுத்துத் தங்குகின்றன. நோயாளி ஐசியுவில் இருக்கும்போது, எப்போது பார்க்கலாம், எதைக் கொண்டுவரக் கூடாது என்பதை அவர்களுக்குச் சொல்லும் வேலை பெரும்பாலும் நர்ஸ் தலையில்தான் விழுகிறது. நல்ல மனதோடு எழுதும் செய்தியும் தவறிப் போவதற்குக் காரணம் சில நம்பிக்கைகள்.

நம்பிக்கை: எழுத்துதான் வேறு, நேரத்தை எண்ணில் போட்டால் யாருக்கும் புரியும்.

வங்க எண்களில் நான்கு, பார்வைக்கு நம் 8 போலவே இருக்கும். ஏழு, கிட்டத்தட்ட 9 மாதிரி. மாலை 4 முதல் 5 வரை என்று நர்ஸ் தட்டச்சு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்புச் செயலி அதை வங்க எண்ணாக மாற்றுகிறது. திரையில் 8 தெரிகிறதே என்று பதறி, அவர் அதை அழித்துத் திருத்தினால், சரியாக இருந்த செய்தி கெட்டது. அவர் திருத்தாவிட்டாலும், மகன் அந்தச் செய்தியை வாசலில் காட்டும்போது காவலாளி “எட்டு மணிக்கு வாங்க” என்று திருப்பி அனுப்பலாம். தலைகீழாகவும் நடக்கும்: வங்க வாக்கியத்துக்கு நடுவே நாம் போடும் 8, அவர்கள் கண்ணுக்கு நான்காகிவிடும். அதனால் எண்ணோடு “நான்கு மணி” என்று எழுத்திலும் எழுத வேண்டும். வங்கதேசக் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், “இந்திய நேரம்” என்ற இரண்டு சொற்களும் தேவை. டாக்காவில் வீடியோ அழைப்புக்குக் காத்திருக்கும் மகளுக்கும் அது உதவும்.

நம்பிக்கை: நோட்டீஸ் போர்டில் உள்ளதை அப்படியே செயலியில் போட்டால் போதும்.

2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அவசரப் பிரிவில் நோயாளிகளுக்குத் தரும் குறிப்புகளை கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டுப் பார்த்தது. ஸ்பானிஷில் 94 சதவீதம் பொருள் மாறாமல் வந்தன. ஆர்மீனியனில் 55 சதவீதம் மட்டுமே. மொழிக்கு மொழி இவ்வளவு இடைவெளி. தமிழில் நாம் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது சிக்கலைக் கூட்டுகிறது. “சொல்லாமல் எதுவும் கொடுக்கக் கூடாது” என்றால் யார், யாருக்கு, யாரிடம் சொல்லாமல்? நாம் ஊகித்துக்கொள்வோம், செயலி தன் இஷ்டத்துக்கு ஊகிக்கும். “நர்ஸைக் கேட்காமல் நீங்கள் அப்பாவுக்கு உணவு கொடுக்க வேண்டாம்” என்று யார், யாருக்கு, யாரிடம் என்பதைக் குறிப்பிட்டு, ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி என்று எழுதினால் பிழை குறையும். அனுப்புமுன் வங்காளம் படிக்கத் தெரிந்த ஊழியர் ஒருவர் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: விதியை மட்டும் சொன்னால் போதும்; காரணம் சொன்னால் வாக்குவாதம் வளரும்.

என் அனுபவத்தில் காரணம் தெரியாத விதிதான் முதலில் மீறப்படும். இளநீரை எடுத்துக்கொள்ளுங்கள். வங்காளிகளுக்கும் அது நோயாளிக்குக் கொடுக்கும் முதல் பானம். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு அது ரத்தத்தில் சேர்ந்து இதயத் துடிப்பையே குலைக்கலாம். “வெளி உணவு தடை” என்ற பலகையைப் பார்க்கும் மகன், இளநீரை உணவு என்றே நினைக்கமாட்டான். அவனுக்கு அனுப்ப வேண்டியது இந்த மாதிரி:

“வணக்கம். நான் உங்கள் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். நீங்கள் தினமும் மாலை 4 மணி (நான்கு மணி, இந்திய நேரம்) முதல் 5 மணி (ஐந்து மணி) வரை அப்பாவைப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒருவர் உள்ளே வாருங்கள். நீங்கள் பாஸைக் கையில் வைத்திருங்கள். உள்ளே வருமுன் கதவருகில் உள்ள மருந்தால் கையைத் தேய்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இளநீரும் பழச்சாறும் கொண்டுவர வேண்டாம். இப்போது அவை அப்பாவின் இதயத்துக்கு ஆபத்து. நீங்கள் நான்கு மணிக்கு வர முடியாவிட்டால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்.”

நோயின் பெயரோ பரிசோதனை முடிவோ இதில் இல்லை; செய்தி எத்தனை பேருக்குப் போகும் என்பது நம் கையில் இல்லையே.

நம்பிக்கை: கட்டைவிரல் குறி வந்துவிட்டது; புரிந்துவிட்டது.

அது கிடைத்தது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். நேரில் வரும்போது, “நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க, என்ன கொண்டுவருவீங்க?” என்று வங்காளம் தெரிந்தவர் மூலம் கேட்டு, அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எந்த மொழியிலும் தலையைத்தான் ஆட்டுவார்கள். உடன் வந்திருக்கும் பெரியவருக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அதே செய்தியை வங்காளம் தெரிந்த ஊழியரின் குரலில் பதிவு செய்தும் அனுப்பலாம்.