ஒரு பக்கத்துக்கு எத்தனை புள்ளிகள்?

சென்ற விடுமுறையில் மூத்தம்மாவின் அலுமாரியிலிருந்து இரண்டு பொருட்கள் என் கைக்கு வந்தன. ஒன்று, மூத்தாப்பா சீலைக்கடை நடத்திய காலத்தில் எழுதிய நாற்பது பக்கக் கணக்குக் கொப்பி. மற்றையது, அவர்களின் திருமணப் படம். இரண்டு அங்குல அகலமும் மூன்று அங்குல உயரமும் கொண்ட அந்தப் படத்துக்கு வேறு பிரதி இல்லை. கொப்பியின் ஓரங்களைப் பூச்சி அரிக்கத் தொடங்கியிருந்ததால், இரண்டையும் ஸ்கேன் செய்து வைக்க விரும்பினேன்.

ஸ்கேனர் "எத்தனை டிபிஐ?" என்று கேட்டது. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளிகளாகப் பதிய வேண்டும் என்பதே அதன் பொருள். கூடினால் நல்லதுதானே என்று 1200ஐத் தெரிவு செய்து, வர்ணத்தில், சுருக்கம் இல்லாத டிஃப் கோப்புகளாகச் சேமித்தேன். 39ஆவது பக்கத்தில் 16 ஜிகாபைட் பென் டிரைவ் நிரம்பிவிட்டது.

கணக்குப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. ஏ4 பக்கம் ஒன்று 300 டிபிஐயில் 2480க்கு 3508 புள்ளிகள், அதாவது ஏறக்குறைய 87 இலட்சம் புள்ளிகள். வர்ணத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று பைட் என்பதால் பக்கம் 26 மெகாபைட் ஆகிறது. 600ஆக மாற்றினால் அகலமும் உயரமும் இரண்டு மடங்காவதால் கோப்பு நான்கு மடங்காகி 104 மெகாபைட்டாகும். 1200இல் அது 418 மெகாபைட்.

அப்படியானால் எழுத்துக்கு எவ்வளவு போதும்? தமிழில் இதைச் சோதிக்க இலகுவான வழி ஒன்று உண்டு: மெய்யெழுத்தின் புள்ளியைப் பாருங்கள். சிறிய எழுத்தில் அந்தப் புள்ளி அரை மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். 100 டிபிஐயில் அதன் குறுக்கே இரண்டு புள்ளிகளே விழும்; 'க்' எது, 'க' எது என்று தடுமாற வேண்டி வரும். 300இல் ஆறு விழும், ஐயமில்லாமல் வாசிக்கலாம். ஆகவே சாதாரண எழுத்துக்கு 300 போதும். எழுத்து மிகப் பொடியாக இருந்தால் மட்டும் 400 அல்லது 600க்குப் போகலாம்.

300ஐ முடிவு செய்தபின், இடத்தை இன்னும் மிச்சம் பிடிக்க எண்ணி வெறும் கறுப்பு வெள்ளையில் ஒரு பக்கத்தை எடுத்தேன். கோப்பு ஒரு மெகாபைட்டளவுக்குச் சுருங்கியது. ஆனால் பென்சிலால் எழுதிய வரிகள் காணாமற் போயிருந்தன. இம்முறையில் ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை ஆகவேண்டும்; மங்கிய பென்சில் வெள்ளையாகிவிட்டது. அடுத்து சாம்பல் நிறத்தில் எடுத்தேன். பென்சில் திரும்பி வந்தது. மூத்தம்மா திரையைப் பார்த்து, "சிவப்புக் கோடெல்லாம் எங்க மகள்? சிவப்பால வெட்டினா கடன் கட்டியாச்சு. நீலத்தால வெட்டினா பிழையா எழுதின கணக்கு" என்றார். சாம்பலில் இரண்டு கோடுகளும் ஒன்றாகவே தெரிந்தன. யாருடைய கடன் தீர்ந்தது என்ற செய்தியே அந்தப் பிரதியில் இல்லை! எனவே 300 டிபிஐயில், வர்ணத்தில் நாற்பது பக்கங்களையும் மீண்டும் எடுத்தேன். மொத்தம் ஒரு ஜிகாபைட்டைச் சற்றே தாண்டியது.

திருமணப் படத்தின் கணக்கு வேறு. அதே அளவில் அச்சிட 300 போதும். ஆனால் சுவரில் மாட்ட ஆறுக்கு ஒன்பது அங்குலமாக, மூன்று மடங்கு பெரிதாக்க விரும்பினோம். பெரிதாக்கும்போது புள்ளிகள் பரவுவதால் 300ஐ மூன்றால் பெருக்கி 900 டிபிஐ வேண்டும். எங்கள் ஸ்கேனரில் 600க்கு அடுத்தது 1200. இரண்டிலும் எடுத்து, ஒரே இடத்தைத் திரையில் பெரிதாக்கி ஒப்பிட்டேன். 600இல் ஒட்டிக்கிடந்த முக்காட்டுச் சரிகைக் கோடுகள் 1200இல் பிரிந்து தெரிந்தன. 2400இல் புதிதாக வந்தது கடதாசியின் சொரசொரப்பு மட்டுமே. கோப்போ 26இலிருந்து 104 மெகாபைட்டாகியது. படத்தில் இல்லாததை எந்த எண்ணாலும் வரவழைக்க முடியாது. 1200உடன் நிறுத்திக்கொண்டேன்.

இந்த டிஃப் கோப்புகள்தான் எங்கள் மூலப் பிரதிகள். அவற்றைத் திருத்துவதில்லை, இரண்டு இடங்களில் வைத்திருக்கிறோம். உறவினருக்கு அனுப்ப, அவற்றிலிருந்து 150 டிபிஐயில் ஜேபெக் பிரதிகளைத் தனியாக எடுத்தேன். ஒரு பக்கம் சில நூறு கிலோபைட்தான். ஜேபெக் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் சிறிது தரத்தை இழக்கும் என்பதால், அதை மூலப் பிரதியாக வைக்கவில்லை.

இப்போது நான் எதையும் முதலில் ஒரு பக்கம் மட்டுமே ஸ்கேன் செய்கிறேன். அதிலுள்ள மிகச் சிறிய குறியும், மிக மங்கிய வரியும், பொருள் சொல்லும் நிறமும் திரையில் தெரிகின்றனவா என்று, அந்தத் தாளை அறிந்தவரை அருகில் இருத்திப் பார்த்த பின்னரே மற்றப் பக்கங்களைத் தொடங்குகிறேன்.