தள்ளாடினாலே போதையா?

கேள்வி: சிட்னியில் படிக்கிறேன். மது பரிமாறும் பகுதிநேர வேலைக்காக ஆர்.எஸ்.ஏ. தேர்வு எழுதப்போகிறேன். தள்ளாடி வருபவருக்கு மது மறுத்துவிட வேண்டியதுதானே?

பதில்: தள்ளாட்டம் பாதிதான், தம்பி. நியூ சவுத் வேல்ஸின் 2007 மதுச் சட்டப்படி, ஒருவர் போதையில் இருக்கிறார் என்று சொல்ல, அவரின் பேச்சு, சமநிலை, உடல் ஒருங்கிணைப்பு அல்லது நடத்தை பார்த்தாலே தெரியும்படி மாறியிருக்க வேண்டும். அதற்குக் காரணம் மது என்று நம்ப நியாயமும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதியை மறந்துவிடாதீர்கள்.

இப்போதுதான் உள்ளே வந்தவர் குழறுகிறார், வியர்த்திருக்கிறார், மது வாடையே இல்லை என்று வையுங்கள். ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். பேச்சுக் கொடுங்கள், உடன் வந்தவரிடம் கேளுங்கள், தேவையென்றால் 000-ஐ அழையுங்கள். ஆனால் இரண்டு மணி நேரமாகக் குடித்தவர், கார்டை இயந்திரத்தில் வைக்கவே தடுமாறினால் சந்தேகத்துக்கு இடமில்லை. மேலாளரிடம் சொல்லுங்கள். பிறர் காதில் விழாமல், "இனி மது தர எனக்குச் சட்டத்தில் இடமில்லை, தண்ணீர் தருகிறேன்" என்று மறுத்து, வெளியேறச் சொல்லி, டாக்ஸிக்கு ஏற்பாடு செய்யுங்கள். அவருக்காக நண்பர் வாங்க வந்தாலும் தரக்கூடாது.